எதிர்பார்த்த மதிப்பெண்ணும் எடுத்த மதிப்பெண்ணும்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவருக்கு மாணவர் வளர்ச்சிக்காக 20க்கு 14 கிடைத்தது. அடுத்த ஆண்டு, 20க்கு 1. அவர் வழக்குத் தொடுத்தார்.

கணக்கின் அடிப்படை எளிதுதான். போன ஆண்டு 60 வாங்கிய சிறுவனை எடுத்துக்கொள்வோம். மாநிலம் முழுக்க அதே 60 வாங்கிய பிள்ளைகள் இந்த ஆண்டு சராசரியாக 64 எடுத்தால், அவனிடம் எதிர்பார்ப்பதும் 64. அவன் 70 எடுத்தால் ஆறு கூடுதல்; 61 எடுத்தால் மூன்று குறைவு. வகுப்பிலுள்ள அனைவருடைய வித்தியாசங்களின் சராசரிதான் ஆசிரியரின் கணக்கில் ஏறுகிறது. வறுமை போன்ற சில சூழல்களுக்கும் கணிப்பில் இடம் தருவார்கள்.

வெறும் தேர்ச்சி விகிதத்தைவிட இது நியாயமானது என்பதில் சந்தேகமில்லை. பின்தங்கி வந்த பிள்ளைகளை முன்னேற்றியவருக்கும் பெயர் கிடைக்கும். ஆனால் 20 பேர் வகுப்பில் இரண்டு பேர் தேர்வன்று காய்ச்சலோடு வந்து எதிர்பார்த்ததைவிட 20 மதிப்பெண் குறைவாக எடுத்தால், மொத்தச் சராசரியே இரண்டு இறங்கிவிடும். ஏற்கெனவே உச்சத்தில் இருப்பவர்களுக்கோ மேலே ஏற இடமே இல்லை.

அந்த ஆசிரியையின் வகுப்பு சிறியது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் அதிகம். 2016 மே மாதம் நீதிபதி ரோஜர் மெக்டோனா இவ்விரண்டையும் சுட்டிக்காட்டி, அவருக்குத் தரப்பட்ட மதிப்பீடு தன்னிச்சையானது என்று சொல்லி ரத்து செய்தார். பல ஆண்டுச் சராசரியை எடுத்தால் இந்த ஊசலாட்டம் ஓரளவு அடங்கும். உச்சத்தில் இருப்பவர்களின் சிக்கல் தீராது, அதற்குக் கடினமான கேள்விகள் கொண்ட தேர்வே வேண்டும்.