உங்களுக்குத் தெரியுமா? லேசருக்கு முன்னால் கண்ணுக்கு நடக்கும் கணக்கு!

* கண்ணாடியைத் தூக்கிப் போட ஆசையா? 18 வயது முடிந்தால் மட்டும் போதாது. பழைய பவர் சீட்டையும் தேடி எடுங்கள்! கடைசி ஓராண்டில் பவர் 0.5-க்கு மேல் மாறியிருந்தால், டாக்டர் ‘பொறுங்கள்’ என்பார்!

* கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவரா? அது கருவிழியின் வடிவத்தையே அழுத்தி மாற்றிவிடும்! அளவெடுக்கும் முன், மென்மையான லென்ஸை ஓரிரு வாரங்களுக்கும், கடினமான லென்ஸை மூன்று நான்கு வாரங்களுக்கும் கழற்றி வைக்க வேண்டும்!

* கர்ப்பிணிகளுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் இப்போதைக்கு லேசர் கிடையாது. அந்த மாதங்களில் பவரே மாறலாம்! சர்க்கரை ஏறி இறங்கினாலும் இதே கதைதான்!

* கருவிழியின் தடிமன் நடுவில் எவ்வளவு? சராசரியாக 540 மைக்ரான்! அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம்தான் அதிகம்! மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, அல்ட்ராசவுண்ட் முனையால் லேசாகத் தொட்டே இதை அளந்துவிடுகிறார்கள்!

* லேசிக்கில் முதலில் மேலே ஒரு படலத்தைப் பெட்டி மூடி மாதிரி திறப்பார்கள். அதற்கே சுமார் 110 மைக்ரான் போய்விடும்! பிறகுதான் லேசர். 6 மில்லிமீட்டர் வட்டத்தில் ஒவ்வொரு பவருக்கும் சுமார் 12 மைக்ரான் காலி!

* கணக்குப் போடலாமா? கருவிழி 500 மைக்ரான், பவர் மைனஸ் 6. படலம் 110, லேசர் 72. மிச்சம் 318! குறைந்தது 250 இருக்க வேண்டும் என்பது விதி. தாராளமாகத் தேறிவிட்டது!

* அதே கருவிழி, பவர் மட்டும் மைனஸ் 9. லேசர் 108 மைக்ரானைத் தின்னும். மிச்சம் 282. இதுவும் 250-க்கு மேல்தானே? அங்கேதான் ஆச்சரியம்! மொத்தத் தடிமனில் 40 சதவீதத்தைத் தொட்டாலே ஆபத்து மணி. இங்கே படலமும் லேசரும் சேர்ந்து 43.6 சதவீதம்! லேசிக்கைத் தவிர்க்கச் சொல்வார்கள்!

* தடிமனான கருவிழிக்கும் சில சமயம் ‘நோ’தான்! கருவிழி கூம்பாகப் புடைக்கும் கெரட்டோகோனஸ் நோய் ஆரம்பத்தில் பார்வையில் தெரியாமலே ஒளிந்திருக்கும். அதன்மேல் லேசர் பட்டால் புடைப்பு இன்னும் வேகமாகும்! இதைப் பிடிக்கத்தான் பென்டகாம் கருவி. சுழலும் அதன் கேமரா 2 விநாடியில் 25 படம் எடுத்து, கருவிழியின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் வரைபடமாக்கிவிடும்!

* லேசருக்குத் தேறவில்லையா? கண்ணுக்குள் இடம் இருந்தால், கருமணிக்குப் பின்னால் ஒரு குட்டி லென்ஸைச் செருகும் ஐசிஎல் இருக்கிறது. அதற்காகக் கருவிழியில் சுரண்டும் அளவு? 0 மைக்ரான்!