எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி

மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் ஒரு சிறு அறக்கட்டளை, நிதி கேட்டு விருப்பக் கடிதம் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடிதம் இரண்டு பக்கம். தேவை, திட்டம், கேட்கும் தொகை, அவ்வளவுதான். நிதி தருபவரின் கண் நேராகச் செலவுப் பட்டியலுக்குத்தான் போகும்.

'சிற்றுண்டி: ரூ. 1,50,000' என்று மட்டும் எழுதினால் கேள்வி வரும். '75 பிள்ளைகள், நாளுக்கு 10 ரூபாய், 200 நாள்' என்றால் கணக்கு புரிகிறது. ஆனால் வருகைப் பதிவேட்டில் தினமும் 60 பேர்தான் என்றால்? 1,20,000 கேட்பதே நேர்மை. பதிவேட்டை ஒருநாள் அவர்கள் பார்ப்பார்கள்.

ஆசிரியர் மதிப்பூதியமும் அப்படித்தான்: கடிதத்தில் 10 மாத வகுப்பு, பட்டியலில் 12 மாதச் சம்பளம் என்றால் அங்கேயே நம்பிக்கை போய்விடும். விடுமுறையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்க்கிறார் என்றால், அதை எழுதுங்கள்.

கணக்காளர் சம்பளத்தைப் பயந்து மறைக்கிறார்கள். வேண்டாம். வெளிநாட்டு நிதியில்கூட 20 சதவீதம் வரை நிர்வாகச் செலவுக்குச் சட்டம் இடம் தருகிறது. அவர் நேரத்தில் கால்பங்கு இந்தத் திட்டத்துக்கு என்றால், சம்பளத்திலும் கால்பங்கைத் தயங்காமல் கேளுங்கள்.