9% வட்டியை விட 12% வட்டி மலிவா? பைக் லோனில் ஒளிந்திருக்கும் 'ஃப்ளாட் ரேட்' கணக்கு!

பைக் ஷோரூமில் லோன் பற்றிப் பேசும்போது இந்த வார்த்தையைக் கேட்டிருப்பீர்கள். "சார், வெறும் 75 பைசா வட்டிதான்." அதாவது 100 ரூபாய்க்கு மாதம் 75 பைசா, வருடத்துக்கு 9 சதவீதம். அதே நேரத்தில் வங்கியில் விசாரித்தால் 12 சதவீதம் என்கிறார்கள். அப்போ ஷோரூம் லோன்தானே லாபம்?

இல்லை. அந்த 9 சதவீதம் 'ஃப்ளாட் ரேட்' ஆகவும், வங்கி சொல்லும் 12 சதவீதம் 'ரெட்யூசிங் பேலன்ஸ்' ஆகவும் இருந்தால், வங்கிக் கடன்தான் மலிவு. எப்படி என்று ஒரு கணக்கோடு பார்க்கலாம்.

ரெண்டு லோன், ஒரே தொகை

1 லட்சம் ரூபாய் கடன், 36 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம்.

ஃப்ளாட் ரேட் 9 சதவீதம் என்றால், வருடத்துக்கு 9,000 ரூபாய் வீதம் மூன்று வருடத்துக்கு வட்டி 27,000 ரூபாய். மொத்தம் கட்ட வேண்டியது 1,27,000. இதை 36ஆல் வகுத்தால் இஎம்ஐ 3,528 ரூபாய்.

ரெட்யூசிங் பேலன்ஸ் 12 சதவீதம் என்றால், ஒவ்வொரு மாதமும் மீதியிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடுவார்கள். இஎம்ஐ 3,321 ரூபாய். மூன்று வருடத்துக்கான மொத்த வட்டி சுமார் 19,570 ரூபாய்.

'குறைந்த வட்டி' என்று சொல்லப்பட்ட லோனில்தான் சுமார் 7,400 ரூபாய் கூடுதலாகப் போகிறது.

75 பைசா எங்கே மாறுகிறது?

ஊரில் தெரிந்தவரிடம் 75 பைசா வட்டிக்கு 1 லட்சம் வாங்கினால், மாதா மாதம் 750 ரூபாய் வட்டி மட்டும் கொடுப்போம். அசலை மூன்று வருடம் கழித்து மொத்தமாகத் திருப்பிக் கொடுப்போம். அதுவரை முழு 1 லட்சமும் நம் கையில்தான் இருக்கும். அதனால் அது உண்மையிலேயே 9 சதவீத வட்டிதான்.

ஆனால் இஎம்ஐ அப்படி இல்லை. ஃப்ளாட் ரேட் கணக்குப்படி பார்த்தால், 3,528 ரூபாயில் 2,778 ரூபாய் அசல், 750 ரூபாய் வட்டி. அசல் மாதா மாதம் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறது. வட்டி மட்டும் இன்னும் முழு 1 லட்சமும் நம்மிடம் இருப்பது போலவே வசூலிக்கப்படுகிறது.

18 மாதம் முடிந்ததும் அசலில் பாதி, அதாவது 50,000 ரூபாய்தான் பாக்கி. அதற்கும் அதே 750 ரூபாய் வட்டி என்றால், அந்த மாதத்தில் நீங்கள் கட்டுவது வருடத்துக்கு 18 சதவீதக் கணக்கு. கடைசி மாதத்தில் பாக்கி வெறும் 2,778 ரூபாய். அதற்கும் வட்டி 750 ரூபாய்!

அப்போ உண்மையான வட்டி எவ்வளவு?

போனிலேயே கண்டுபிடித்துவிடலாம். கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்செல் திறந்து, ஒரு கட்டத்தில் இதை டைப் செய்யுங்கள்:

```
=RATE(36,-3528,100000)*12
```

முதலில் இருப்பது மாதங்களின் எண்ணிக்கை. அடுத்தது இஎம்ஐ. நம் கையிலிருந்து போகும் பணம் என்பதால் அதற்கு முன்னால் மைனஸ் குறி கட்டாயம். அதை விட்டுவிட்டால் சரியான விடை வராது. மூன்றாவது, கடன் தொகை. விடை 0.1625 என்று வரும், சில ஆப்களில் 16% என்று சுருக்கிக் காட்டும். அதாவது 9 சதவீதம் என்று சொல்லப்பட்ட லோனின் உண்மையான வருட வட்டி சுமார் 16.25 சதவீதம். வங்கியின் 12 சதவீதத்தோடு ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

ஷோரூமில் நின்றுகொண்டே மனக்கணக்கு போட வேண்டுமா? ஃப்ளாட் ரேட்டை 1.8ஆல் பெருக்குங்கள். 9 சதவீதம் என்றால் 16.2. ஒன்று முதல் மூன்று வருடக் கடன்களுக்கு இது ஓரளவு சரியாக வரும். ஐந்து வருடம் போன்ற நீண்ட தவணைக்கும், 15 சதவீதம் போன்ற உயர்ந்த ஃப்ளாட் ரேட்டுக்கும் உண்மையான விடை இதைவிடக் கொஞ்சம் குறையும். இது தோராயம்தான், கையெழுத்துப் போடும் முன் RATE கணக்கைப் பார்ப்பது நல்லது.

கட்டணத்தையும் சேர்த்தால்?

பல லோன்களில் பிராசசிங் கட்டணம், டாக்குமென்ட் கட்டணம் என்று முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள். நம் உதாரணத்தில் 2,500 ரூபாய் பிடித்தால், உங்களுக்காகச் செலவானது 97,500 மட்டுமே. இஎம்ஐ மட்டும் மாறாது. இப்போது 100000 இருந்த இடத்தில் 97500 போடுங்கள்:

```
=RATE(36,-3528,97500)*12
```

விடை 18 சதவீதத்தைத் தாண்டுகிறது. 9 சதவீதத்தில் தொடங்கிய கதை, இரண்டு மடங்கில் வந்து நிற்கிறது.

ஃப்ளாட் ரேட்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"ரெட்யூசிங்தான் சார்" என்று வாயால் சொன்னால் போதாது. இஎம்ஐயை மாதங்களால் பெருக்கி, கடன் தொகையைக் கழியுங்கள். வருவதுதான் மொத்த வட்டி. அதை வருடங்களால் வகுத்து, கடன் தொகையில் அது எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

முதல் லோனில் 27,000 ரூபாயை 3ஆல் வகுத்தால் 9,000, அதாவது 9 சதவீதம். சொன்ன வட்டியே அப்படியே வந்தால் அது ஃப்ளாட். வங்கி லோனில் 19,570ஐ 3ஆல் வகுத்தால் 6,500க்குச் சற்று மேல், சுமார் 6.5 சதவீதம்தான். சொன்ன 12 சதவீதத்தை விட இது நன்றாகக் குறைந்து வந்தால் அது ரெட்யூசிங்.

இந்தத் தாளைக் கேட்டு வாங்குங்க

ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி, 2024 அக்டோபர் 1 முதல் புதிதாகத் தரும் தனிநபர் கடன்களுக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற விவரத் தாளைக் கொடுக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் விதி.

அதில் 'ஏ.பி.ஆர்' என்று ஒரு சதவீதம் இருக்கும். வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்து, குறையும் அசல் முறையில் போட்ட வருடச் செலவு அது. நாம் மேலே இரண்டாவதாகப் போட்ட கணக்குதான். அந்தத் தாளில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது.

ஒரு விஷயம், இந்த விதி ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்குத்தான். தெருமுனை ஃபைனான்ஸில் தனிநபர் தரும் தவணைக் கடனுக்கு இந்தத் தாள் வராது. அங்கே உங்களுக்கு இருப்பது RATE கணக்கு மட்டும்தான்.

அடுத்த முறை யாராவது "75 பைசா வட்டி" என்றால், வட்டி பற்றிப் பேசவே வேண்டாம். "கையில் எவ்வளவு வரும், இஎம்ஐ எவ்வளவு, எத்தனை மாசம்?" இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். மீதியை போன் சொல்லிவிடும்.