3.65 பெரியதா, 3.60 பெரியதா?

கணக்காளர் வேலையில் இருப்பதால், வங்கி விளம்பரம் எது வந்தாலும் உறவினர்கள் அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். சென்ற வாரம் சித்தி மகள் இரண்டு விளம்பரங்களை அனுப்பியிருந்தாள். ஒன்று 12 மாத நிரந்தர வைப்பு. ஆண்டுக்கு 3.65 விழுக்காடு வட்டி, தவணை முடிந்ததும் கிடைக்கும். மற்றொன்று சேமிப்புக் கணக்கு. ஆண்டுக்கு 3.60 விழுக்காடு வட்டி, மாதந்தோறும் அதே கணக்கில் சேரும். அவள் கையில் இருப்பது 10,000 ரிங்கிட். “அண்ணா, 3.65தானே பெரிசு? அதுலயே போட்டுரட்டுமா?” என்று கேட்டாள்.

விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் எண்ணைப் பெயரளவு வட்டி விகிதம் என்கிறோம். ஓராண்டு முடிவில் கையில் உண்மையில் சேருவதைக் காட்டுவது பயனுறு வட்டி விகிதம். தவணை முடிவில் ஒரே முறை வட்டி தரும் 12 மாத வைப்பில் இரண்டும் ஒன்றுதான். 3.65 என்றால் 365 ரிங்கிட். மாதந்தோறும் வட்டி சேரும் கணக்கில்தான் இரண்டும் பிரிகின்றன.

எப்படி என்று பார்ப்போம். 3.60ஐ 12ஆல் வகுத்தால் மாதத்துக்கு 0.30 விழுக்காடு. முதல் மாதம் 10,000 ரிங்கிட்டுக்கு 30 ரிங்கிட் வட்டி. இரண்டாம் மாதம் கணக்கில் இருப்பது 10,030 ரிங்கிட். எனவே வட்டி 30 ரிங்கிட் 9 காசு. இப்படி வட்டிக்கும் வட்டி சேர்ந்து, பன்னிரண்டாம் மாத வட்டி 31 ரிங்கிட்டை எட்டுகிறது. ஆண்டு முடிவில் மொத்த வட்டி 366 ரிங்கிட். அதாவது பயனுறு விகிதம் 3.66 விழுக்காடு. கைப்பேசிக் கணிப்பானிலேயே இதைச் சரிபார்க்கலாம்:

(1 + 0.036 ÷ 12)^12 − 1 = 0.0366

ஆக, சிறியதாகத் தெரிந்த 3.60 உண்மையில் ஒரு ரிங்கிட் கூடுதலாகத் தருகிறது. ஆனால் அந்த ஒரு ரிங்கிட்டுக்காக அவளை உடனே சேமிப்புக் கணக்குக்குப் போகச் சொல்லவில்லை. 3.66 கிடைக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, வட்டி கணக்கிலேயே இருக்க வேண்டும். மாதம் வரும் 30 ரிங்கிட்டை எடுத்துச் செலவு செய்தால், ஆண்டுக்கு 360 ரிங்கிட்தான். செலவு செய்வதில் தவறில்லை. ஆனால் அப்போது உங்கள் விகிதம் 3.60தான். ‘மாதந்தோறும் வட்டி’ என்று சொல்லும் சில நிரந்தர வைப்புகளிலும் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வட்டி வைப்புத் தொகையோடு சேராமல், மிகக் குறைந்த வட்டி தரும் வேறொரு சேமிப்புக் கணக்குக்குப் போய்விடும். மாதந்தோறும் என்ற சொல் இருக்கிறது, கூட்டு வட்டி இல்லை. ஆகவே வங்கியில் “வட்டி எந்தக் கணக்கில் சேரும்?” என்று கேளுங்கள்.

இரண்டாவது, விகிதம் ஆண்டு முழுவதும் மாறாமல் இருக்க வேண்டும். நிரந்தர வைப்பில் தவணை முடியும்வரை அது மாறாது. சேமிப்புக் கணக்கிலோ வங்கி இடையில் குறைக்கலாம். 2025 ஜூலையில் பேங்க் நெகாரா, ஓபிஆர் எனும் அடிப்படை வட்டி விகிதத்தை 3.00 விழுக்காட்டிலிருந்து 2.75 ஆகக் குறைத்தது. அதுபோல ஆண்டின் நடுவில் சேமிப்புக் கணக்கின் வட்டியும் 0.25 குறைந்தால், மீதி ஆறு மாதங்களில் 10,000 ரிங்கிட்டுக்கு ஏறக்குறைய 12 ரிங்கிட் 70 காசு குறையும். மாதக் கூட்டு வட்டி தந்த கூடுதல் ஒரு ரிங்கிட் அதற்கு ஈடாகாது.

அதனால் தங்கைக்கு இப்படிச் சொன்னேன்: “ஓராண்டுக்குத் தொடமாட்டேன் என்றால் 3.65இல் போடு. நடுவில் பணம் தேவைப்படும் என்றால் சேமிப்புக் கணக்கு. தவணைக்கு முன் எடுத்தால் நிரந்தர வைப்பின் வட்டி பெரும்பாலான வங்கிகளில் முழுவதுமே போய்விடும்.”

ஏற்கெனவே மாத வட்டிக் கணக்கு வைத்திருப்பவர்கள், வட்டிக்கு வட்டி வருகிறதா என்று கணக்கு அறிக்கையிலேயே பார்க்கலாம். பல வங்கிகள் வட்டியை நாள் கணக்கில் கணிப்பதால், நாள்கள் சமமாக உள்ள இரு மாதங்களை ஒப்பிட வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் இரண்டுக்கும் 31 நாள். இடையில் பணம் போடாமல், எடுக்காமல், விகிதமும் மாறாமல் இருந்தால், மேலே சொன்ன 10,000 ரிங்கிட்டுக்கு ஜூலையில் 30 ரிங்கிட் 58 காசு, ஆகஸ்டில் 30 ரிங்கிட் 67 காசு வர வேண்டும். இரண்டும் ஒரே தொகையாக இருந்தால், உங்கள் வட்டி வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது.