தண்ணீர் எந்தப் பக்கம் போகணும்?

மொட்டை மாடியில் தட்டு ஓடு பதிக்க வந்த கொத்தனார் முதலில் கேட்பது, "சார், தண்ணி எந்தப் பக்கம் போகணும்?" என்பதுதான். பல வீடுகளில் அந்த நாள் வரை யாரும் இதை யோசித்திருப்பதில்லை. குழாய் வைக்க எந்த மூலை வசதியோ, அந்த மூலையைக் காட்டிவிடுகிறோம். அடுத்த ஐப்பசியில் மாடியின் நடுவே குளம் நிற்கிறது.

40 அடி நீளம், 25 அடி அகலம் உள்ள ஒரு மாடியை எடுத்துக்கொள்வோம். 1,000 சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது மணிக்கு 100 மி.மீ. வேகத்தை எதிர்பார்த்துத்தான் திட்டமிட வேண்டும். அந்த வேகத்தில் இந்த மாடியில் நிமிடத்துக்குச் சுமார் 155 லிட்டர் விழும். 15 லிட்டர் வாளியில் பத்து வாளித் தண்ணீர் ஒவ்வொரு நிமிடமும் கீழே இறங்கியாக வேண்டும்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அட்டவணைப்படி, இந்த மழைக்கு 4 அங்குலக் குழாய் ஒன்று சுமார் 460 சதுர அடி மாடியைத் தாங்கும். 3 அங்குலக் குழாய் 220 சதுர அடியைத்தான் தாங்கும். ஓர் அங்குலம் குறைந்தால் திறன் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஆகவே சிறிய குழாயில் மிச்சம் பிடிக்க நினைப்பது தப்புக் கணக்கு. நம் மாடிக்கு இரண்டு 4 அங்குலக் குழாய் வைத்தால் 920 சதுர அடியோடு நின்றுவிடும், மூன்று வேண்டும். ஒன்றில் சருகு அடைத்தாலும் மற்ற இரண்டும் ஓரளவு சமாளிக்கும்.

மூன்று குழாய் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வாட்டம் குறைந்தது 100-க்கு 1 இருக்க வேண்டும், அதாவது 100 அங்குலத் தூரத்துக்கு 1 அங்குல இறக்கம். ஒரே மூலையில் ஒரே குழாய் வைத்தால், எதிர் மூலை அங்கிருந்து 47 அடி தள்ளி இருக்கும். அந்த மூலையைக் கிட்டத்தட்ட 6 அங்குலம் உயர்த்த வேண்டும். அவ்வளவு செங்கல் ஜல்லி போடச் செலவும் அதிகம், தளத்துக்குப் பாரமும் அதிகம். கொத்தனார் 3 அங்குலத்தோடு நிறுத்திவிடுவார், வாட்டம் பாதியாகிவிடும். மூன்று குழாய்களையும் 40 அடிச் சுவரோரம் சமமாகப் பிரித்து வைத்தால், எந்த இடத்திலிருந்தும் அருகிலுள்ள குழாய்க்கு 26 அடிக்கு மேல் இருக்காது. 3 அங்குலத்துக்குச் சற்று மேல் உயர்த்தினால் போதும்.

வாட்டம் சரியாக இருந்தும் குழாய்வாயைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே பூச்சும் ஓடும் ஏற ஏற, வாய் அரை அங்குலம் மேலே நின்றுவிட்டிருக்கும். வாயைச் சுற்றி ஓரடிச் சதுரத்தை ஓர் அங்குலம் பள்ளமாக விட்டு, அதற்குள் ஓட்டை இறக்கிப் பதிக்கச் சொல்ல வேண்டும். தட்டையான ஜாலியை ஒரு வேப்பஞ்சருகுக் கூட்டமே மூடிவிடும். குவிந்த ஜாலி போட்டால் சருகு அடியில் ஒதுங்கினாலும் மேல் துளைகள் திறந்திருக்கும்.

எல்லாம் அடைத்துக்கொண்டால்? 3 அடிக் கைப்பிடிச் சுவர் அந்த மாடியைத் தொட்டியாக்கிவிடும். ஆட்கள் புழங்கும் மாடிக்கு, அதன் சொந்த எடை போக, சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரம் என்று வைத்துத்தான் வழக்கமாகக் கணக்கிடுகிறார்கள். 6 அங்குலத் தண்ணீர் நின்றாலே அந்த அளவு வந்துவிடும். அதனால்தான் சுவரில் தனியாக உபரித் துளைகள் வேண்டும். குழாய்வாய் மட்டத்துக்கு 2 அங்குலம் மேலே, 6 அங்குல அகலமும் 3 அங்குல உயரமுமாக, ஒவ்வொரு குழாய்க்கும் பக்கத்தில் ஒன்று போதும். துளையிலிருந்து அரையடி நீட்டிய வாய்க்கால் வைத்தால் தண்ணீர் சுவரில் வழியாது. அது பக்கத்து வீட்டின் மேல் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து தண்ணீர் கொட்டுகிறது என்றால் கீழே குழாய் அடைத்திருக்கிறது என்று தெருவில் நின்றே தெரிந்துகொள்ளலாம். மாடிப்படி அறையின் வாசற்படி இந்தத் துளையின் மேல் விளிம்புக்கும் உயரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் துளை வழியாகப் போவதற்கு முன்னே தண்ணீர் படியிறங்கி வீட்டுக்குள் வந்துவிடும்.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் எங்கே தேங்குகிறது என்று பார்க்க மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். காய்ந்த மாடியில் வட்டமாக அழுக்கு படிந்த கறையும் பாசியும் இடத்தைக் காட்டும். மழை விட்டு இரண்டு நாளாகியும் தண்ணீர் வற்றவில்லை என்றால் அங்கே வாட்டம் இல்லை. தண்ணீர்த்தொட்டியின் மேடையோ சோலார் பலகையின் கால்களோ ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கின்றனவா என்றும் பாருங்கள். வாட்டமுள்ள மாடியிலும் அவை அணைபோல் தடுத்துவிடும்.

புது வீடு என்றால், ஜல்லி போட்டு முடித்து ஓடு பதிப்பதற்கு முன், எதிர் மூலையில் நான்கு வாளித் தண்ணீரைக் கொட்டச் சொல்லுங்கள். கொத்தனாரும் கூடவே நிற்கட்டும். அது வழியில் எங்கும் தங்காமல் குழாய்க்குப் போய்ச் சேர்ந்தால் ஓடு பதிக்கலாம்.