தீபாவளி நகர்ந்தால் கணக்கும் நகரும்

கோவையில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா, "2023 அக்டோபர்ல யாவாரம் படுத்துப்போச்சு, இனி சரக்கைக் குறைக்கப் போறேன்" என்றார். மாத விற்பனையை எக்ஸெல்லில் மூன்றாகப் பிரித்துப் பார்த்தோம்.

2022 ஜனவரி முதல் 2025 டிசம்பர் வரையான விற்பனையை B2 முதல் B49 வரை டைப் செய்யுங்கள். C8 செல்லில் இந்த பார்முலாவைக் கொடுத்து C43 வரை இழுங்கள்.

```
=(AVERAGE(B2:B13)+AVERAGE(B3:B14))/2
```

இது வியாபாரத்தின் நீண்டகாலப் போக்கு. முதல் ஆறு மாதங்களுக்கும் கடைசி ஆறு மாதங்களுக்கும் இது கிடைக்காது. அடுத்து, விற்பனையிலிருந்து போக்கைக் கழியுங்கள். எல்லா அக்டோபர்களின் வித்தியாசத்துக்கும் சராசரி எடுத்தால் அதுவே அக்டோபரின் பருவ அளவு. மற்ற மாதங்களுக்கும் இப்படியே. பருவ அளவையும் கழித்தால் எஞ்சுவது மீதி.

உதாரணமாக மூன்று அக்டோபர்களின் வித்தியாசம் 42, 6, 42 ஆயிரம் ரூபாய் என்று வையுங்கள். சராசரி 30. மீதி 12, -24, 12. நடுவில் உள்ள 2023 மட்டும் பள்ளம்!

காரணம் காலண்டரில் இருக்கிறது. தீபாவளி 2022-ல் அக்டோபர் 24, 2024-ல் அக்டோபர் 31. ஆனால் 2023-ல் நவம்பர் 12. பொங்கல் எப்போதும் ஜனவரியிலேயே வருவதால் இந்தச் சிக்கல் இல்லை. பண்டிகை மாதம் மாறுவது எக்ஸெல்லுக்குத் தெரியாது.

எனவே அக்டோபர், நவம்பர் மீதிகளைக் கூட்டிப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் விற்பனை விழவில்லை, அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. சித்தப்பா கடையில் அப்படித்தான் வந்தது. சரக்கைக் குறைக்கும் எண்ணத்தை அவர் கைவிட்டார்.