கடல் கடந்து வரும் 120 வோல்ட்

அமெரிக்க வீடுகளில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்குள்ள விற்பனையாளரிடம் வரவழைத்த காபி மேக்கரின் தட்டையான இரண்டு முனைகள் நம் சுவர் பாயின்ட்டில் சேராது. சில நூறு ரூபாய் அடாப்டர் ஒன்று அதைச் சேர்த்துவிடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. அடாப்டர் முனையின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டைத் தொடாது.

அந்த மேக்கர் 1,200 வாட் என்றால், 120 வோல்ட்டில் அது இழுப்பது 10 ஆம்பியர். அதன் சூடேற்றும் கம்பியின் மின்தடை 12 ஓம். அதே கம்பியை 230 வோல்ட்டில் செருகினால் 19 ஆம்பியருக்குச் சற்று மேல் பாயும், வெப்பம் 4,400 வாட்டைத் தொடும். வோல்ட் இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை, வெப்பமோ மூன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. 16 ஆம்பியர் எம்சிபிகூட இந்த அளவு மிகைக்கு உடனே விழாது. பெரும்பாலும் கருகல் வாடை வரும், உள்ளே இருக்கும் வெப்ப ஃபியூஸ் அறுந்து கருவி அடங்கிவிடும்.

ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் இறங்கும். 1,200 வாட் கருவிக்கு 1,500 விஏ அளவாவது வேண்டும்; பல கிலோ கனக்கும் அந்தப் பெட்டியின் விலை லாபத்தை விழுங்கிவிடக்கூடும். அதுவும் ஹெர்ட்ஸை மாற்றாது. மின்சாரத்தின் துடிப்பை எண்ணி ஓடும் கடிகாரம் மேக்கரில் இருந்தால், ஒரு மணி நேரத்தில் அது 50 நிமிடமே காட்டும். உலோக உடல் கொண்ட கருவிக்கு இன்னொரு கவனம் தேவை: மூன்று முனை பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் செருகினால் எர்த் இணைப்பு அறுபடும், கசிவு ஏற்பட்டால் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும்.

லேப்டாப், செல்போன் சார்ஜர்களில் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. அவற்றின் முத்திரையில் INPUT: 100-240V ~ 50/60Hz என்று இருந்தால் சரியான அடாப்டரே போதும். 120V 60Hz என்று மட்டும் இருந்தால் நேராகச் செருகவே கூடாது.

வாரன்டியைப் பல நிறுவனங்கள் விற்ற நாட்டோடு நிறுத்திக்கொள்கின்றன. அதே பெயரில் நம் ஊரில் சர்வீஸ் சென்டர் இருந்தாலும், வரிசை எண்ணைப் பார்த்ததும் மறுக்கலாம். 120 வோல்ட் உதிரிபாகம் அங்கே இருப்பதும் அரிது. தவறான வோல்ட்டில் கருகியது என்றால் வாங்கிய நாட்டிலேயே வாரன்டி செல்லாது, அதைப் பயன்படுத்தியவரின் தவறாகவே கணக்கிடுவார்கள். வேறு பழுது என்று திருப்பி அனுப்பினாலும் கூரியர் கட்டணம் பெரும்பாலும் வாங்கியவர் தலையில்தான் விழும். பழுது பார்த்துத் திரும்பி வரும்போது சுங்கத்தில் மறுபடி வரி கேட்கலாம் என்பதால், அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ஆகவே பணம் கட்டும் முன்பே விற்பனையாளரிடம் கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் மின்விவர முத்திரையின் படத்தையும், எந்த நாட்டில் வாரன்டி செல்லும் என்ற பதிலையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.